ஆறாவது கணக்குக்கு மூன்று விடைகள்

சில நாட்களுக்கு முன் ஒரு மாலை நேரம். அண்டை வீடுகளைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலமாக வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மூவரும் ஒரே வகுப்பு. அவர்கள் நடுவே ஒரு தாள் கிடந்தது. வட்டங்களைப் பற்றிப் பத்துக் கணக்குகள் கொண்ட பயிற்சித் தாள் அது. முதல் ஐந்து கணக்குகளிலும் மூவருக்கும் ஒரே விடை வந்திருந்தது. ஆறாவது கணக்கில்தான் தகராறு.

கணக்கு இதுதான். O-வை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் மேல் A, B, C என்ற மூன்று புள்ளிகள் இருக்கின்றன. AC என்ற சிறிய வில்லின் மேல் B இருக்கிறது. ∠AOC = 110° என்றால் ∠ABC எவ்வளவு?

"மையத்தில் இருக்கும் கோணத்தில் பாதிதான் பரிதியில் இருக்கும் கோணம். ஆகவே 55°" என்றான் ஒரு பையன்.

"இல்லை. OABC ஒரு நாற்கரம். வட்டத்தில் இருக்கும் நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் 180° வரவேண்டும். 180-இல் 110 போனால் 70°" என்றாள் அந்தப் பெண்.

மூன்றாமவன் தேற்றம் எதையும் சொல்லவில்லை. கவராயத்தால் படத்தைச் சரியாக வரைந்து, பாகைமானியை வைத்து அளந்திருந்தான். "எனக்கு 125° வருகிறது. ஒன்றிரண்டு பாகை முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 55-உம் இல்லை, 70-உம் இல்லை" என்றான்.

"அளந்து பார்ப்பதெல்லாம் கணக்கா? மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று தாளை என்னிடம் நீட்டினார்கள்.

அளந்தவனுடைய விடைதான் சரி. ஆனால் அது ஏன் சரி என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்ற இருவரும் சொன்ன தேற்றங்கள் இரண்டும் உண்மையானவை. இருந்தும் அவர்களுக்குத் தவறான விடைகள் வந்தன. உண்மையான தேற்றத்திலிருந்து தவறான விடை எப்படி வரும்? தேற்றம் எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதைப் பார்க்காமல் பயன்படுத்தினால் வரும். அந்த இடத்தைக் காட்டிக் கொடுப்பது நிரூபணம். தேர்வுக்காக நிரூபணத்தை மனப்பாடம் செய்துவிட்டு, கணக்குப் போடும்போது அதை மறந்துவிடுகிறோம். அன்று திண்ணையில் நாங்கள் நால்வரும் செய்ததை நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு தாள், பென்சில், கவராயம், அளவுகோல், பாகைமானி இவை போதும்.

அரைவட்டத்தில் தொடங்குவோம்

5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். மையத்துக்கு O என்று பெயரிடுங்கள். O வழியாக PQ என்ற விட்டத்தை வரையுங்கள். வட்டத்தின் மேல் எங்காவது R என்ற புள்ளியைக் குறித்து, PR, QR ஆகியவற்றை இணையுங்கள். R-இல் உள்ள கோணத்தை அளந்து பாருங்கள். 90° வரும். R-ஐ வேறோர் இடத்தில் வைத்து அளந்தால் 89° வரலாம். இன்னோர் இடத்தில் 91° வரலாம். பென்சில் கோட்டுக்கும் பருமன் உண்டு அல்லவா? அளந்து பார்த்தால் 90°-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். சரியாக 90° தானா, எப்போதும் அப்படித்தானா என்று அளவு சொல்லாது.

இப்போது O-வையும் R-ஐயும் இணையுங்கள். பெரிய முக்கோணம் இரண்டு சிறிய முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. OP, OR, OQ மூன்றும் ஆரங்கள். ஆகவே மூன்றும் சமம். வட்டத்தைப் பற்றி நமக்குத் தேவையான செய்தி இது ஒன்றுதான். இந்தக் கட்டுரை முடியும்வரை வேறு எதுவும் தேவைப்படாது.

OP = OR என்பதால் முக்கோணம் OPR ஓர் இருசமபக்க முக்கோணம். சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். P-இல் உள்ள கோணம் x என்றால் ∠ORP-யும் x. அதேபோல் OQ = OR என்பதால் Q-இல் உள்ள கோணம் y என்றால் ∠ORQ-வும் y. இனிப் பெரிய முக்கோணம் PQR-இன் மூன்று கோணங்களைக் கூட்டுவோம். P-இல் x, Q-இல் y, R-இல் x + y.

x + y + (x + y) = 180°

ஆகவே 2(x + y) = 180°; x + y = 90°. ஆனால் x + y என்பதுதான் R-இல் உள்ள கோணம். அது செங்கோணம்.

இந்த நிரூபணத்தில் R எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கவே இல்லை. R நகர்ந்தால் x கூடும், y குறையும்; கூடுதல் மாறாது. ஆனால் இரண்டு இடங்களில் நாம் வட்டத்தை நம்பியிருக்கிறோம். R வட்டத்தின் மேல் இருப்பதால்தான் OR ஓர் ஆரம் ஆயிற்று. PQ மையம் வழியாகச் செல்வதால்தான் P, O, Q மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்து, இரண்டு சிறிய முக்கோணங்கள் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம் ஆயின. இந்த இரண்டில் ஒன்று போனாலும் தேற்றம் போய்விடும்.

R வட்டத்துக்குள்ளே இருந்தால் என்ன ஆகும்? PR-ஐ நீட்டி வட்டத்தை S-இல் தொடச் செய்யுங்கள். ∠PSQ செங்கோணம். ∠PRQ என்பது முக்கோணம் RSQ-வின் வெளிக்கோணம். வெளிக்கோணம் எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதலுக்குச் சமம். ஆகவே அது 90°-ஐ விடப் பெரியது. R வட்டத்துக்கு வெளியே இருந்தால் இதே காரணத்தால் 90°-ஐ விடச் சிறியது. அப்படியானால் PQ-வை நோக்கிச் சரியாக 90° கோணம் அமைக்கும் புள்ளி எதுவாயினும், அது PQ-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மேல்தான் இருக்க முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதை ஒரு கைவேலையிலும் பயன்படுத்தலாம். மரத்தில் குடைந்த அரைவட்டப் பள்ளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தை அதற்குள் இறக்கிப் பார்ப்பார்கள். மட்டத்தின் இரண்டு விளிம்புகளும் பள்ளத்தின் இரண்டு ஓரங்களையும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, அதன் மூலை பள்ளத்தின் அடியைத் தொடவேண்டும். மட்டத்தைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்தினாலும் மூலை தொட்டுக்கொண்டே வந்தால் பள்ளம் சரியான அரைவட்டம். எங்காவது இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் மரம் அதிகமாகச் செதுக்கப்பட்டுவிட்டது. மூலை முட்டிக்கொண்டு விளிம்பு ஓரத்தை விட்டு எழும்பினால் இன்னும் செதுக்க வேண்டும்.

இந்தத் தேற்றத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் கண்டுபிடித்ததாகவும், மகிழ்ச்சியில் ஒரு காளையைப் பலி கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. தயோஜெனிஸ் லயெர்ஷியஸ் என்ற கிரேக்க நூலாசிரியர் இதை எழுதிவைத்தார். ஆனால் அவர் தேலீஸுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இதைச் செய்தவர் பித்தகோரஸ் என்று சொல்வோரும் உண்டு என்று அவரே குறிப்பிடுகிறார். கதை எப்படி இருந்தாலும், நிரூபணம் மேலே நாம் பார்த்த நான்கு வரிதான்.

கோடு மடிந்தால் என்ன ஆகும்?

அரைவட்டத்தில் P, O, Q ஒரே கோட்டில் இருந்தன. அந்தக் கோட்டை O-வில் மடித்துவிட்டால்? ஆறாவது கணக்கின் படம் அதுதான். புதிதாக ஒரு வட்டம் வரைந்து, மையத்தில் 110° கோணம் வருமாறு OA, OC என்ற இரண்டு ஆரங்களை வரையுங்கள். சிறிய வில்லின் மேல் B-ஐக் குறித்து AB, BC ஆகியவற்றை இணையுங்கள்.

B-இலிருந்து O வழியாக ஒரு கோடு வரைந்து, அதை எதிர்ப்பக்கம்வரை நீட்டுங்கள். அது வட்டத்தை வெட்டும் இடம் E. இப்போது மறுபடியும் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைத்துவிட்டன. முக்கோணம் OAB-இல் OA = OB. ஆகவே A-இலும் B-இலும் உள்ள கோணங்கள் ஒவ்வொன்றும் x. முக்கோணம் OCB-இல் OC = OB. ஆகவே C-இலும் B-இலும் உள்ள கோணங்கள் ஒவ்வொன்றும் y. B-இல் உள்ள முழுக் கோணம் x + y.

∠AOE என்பது முக்கோணம் OAB-இன் வெளிக்கோணம். அது x + x, அதாவது 2x. ∠COE என்பது முக்கோணம் OCB-இன் வெளிக்கோணம். அது 2y. இரண்டையும் கூட்டினால் 2(x + y). அதாவது, A-இலிருந்து E வழியாக C-க்குப் போகும்போது மையத்தில் உண்டாகும் கோணம், B-இல் உள்ள கோணத்தைப் போல் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படத்தைப் பாருங்கள். "E வழியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். E இருப்பது B-க்கு எதிர்ப்பக்கம், பெரிய வில்லின் மேல். ஆகவே A-இலிருந்து E வழியாக C-க்குப் போகும் கோணம் 110° அல்ல. மையத்தைச் சுற்றி மொத்தம் 360°. அதில் 110° போக மீதி 250°. அந்த 250°-தான் 2(x + y).

∠ABC = 250° ÷ 2 = 125°

பாகைமானி சொன்ன விடை வந்துவிட்டது. முதல் பையன் "பாதி" என்று சொன்னது சரிதான். எதில் பாதி என்பதைத்தான் அவன் பார்க்கவில்லை. பரிதியில் உள்ள கோணம், தான் உட்கார்ந்திருக்கும் வில்லைப் பார்ப்பதில்லை. தனக்கு எதிரே விரிந்து கிடக்கும் வில்லைத்தான் பார்க்கிறது. B சிறிய வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அது பார்ப்பது பெரிய வில்லை. பெரிய வில்லுக்கு மையத்தில் உள்ள கோணம் 250°. 180°-ஐத் தாண்டிய இப்படிப்பட்ட கோணத்தைப் பின்வளை கோணம் என்கிறோம். படத்தில் 110° என்று எழுதியிருப்பதால் நம் கண் அதன்மேல் விழுகிறது. 250° என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கில் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

படத்தின் இன்னொரு வகை

மையக்கோணத் தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒரு படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் படத்தில் நீட்டிய கோடு கோணத்துக்குள்ளேயே செல்லும். எப்போதும் அப்படிச் செல்லுமா?

அதே வட்டத்தில், பெரிய வில்லின் மேல் C-க்குக் கொஞ்சம் பக்கத்தில் D என்ற புள்ளியைக் குறியுங்கள். DA, DC ஆகியவற்றை இணையுங்கள். இப்போது D-இலிருந்து O வழியாகக் கோடு வரைந்து, அது வட்டத்தை வெட்டும் இடத்தை F என்று குறியுங்கள். D-ஐ C-க்குப் போதிய அளவு பக்கத்தில் வைத்திருந்தால், இந்தக் கோடு ∠ADC-க்கு வெளியே போகும். A-யும் C-யும் அதற்கு ஒரே பக்கத்தில் இருக்கும். முன்போல் கூட்டினால் விடை தவறிவிடும். இங்கே கழிக்க வேண்டும்.

உதாரணமாக ∠ODC = 65°, ∠ODA = 10° என்று கொள்வோம். இருசமபக்க முக்கோணங்கள் அப்படியே இருக்கின்றன. ஆகவே வெளிக்கோணங்கள் ∠COF = 130°, ∠AOF = 20°. இரண்டின் வித்தியாசம் 110°. அதுதான் ∠AOC. D-இல் உள்ள கோணம் 65-இல் 10 போக 55°. சரியாகப் பாதி. எண்களுக்குப் பதில் x, y என்று எழுதினால் இதுவே பொது நிரூபணம் ஆகிவிடும். கோடு உள்ளே சென்றால் 2x + 2y; வெளியே சென்றால் 2x − 2y. இரண்டு படங்களையும் வரைந்தவரே நிரூபணத்தை முடித்தவர். D-ஐ இன்னும் நகர்த்தி, அந்தக் கோடு A-இன் மேலேயே விழும்படி செய்தால் ஒரு முக்கோணம் மட்டும் மிஞ்சும். அப்போதும் பாதிதான்.

D பெரிய வில்லின் மேல் எங்கே இருந்தாலும் அது பார்ப்பது அதே சிறிய வில்லைத்தான். ஆகவே எல்லா இடங்களிலும் 55°. ஒரே வட்டத்துண்டில் உள்ள கோணங்கள் சமம் என்று பாடத்தில் தனித் தேற்றமாகப் படிப்பது இதைத்தான். முதல் பையனின் 55° உண்மையான கோணம்தான். ஆனால் அது D-இன் கோணம், B-இனுடையது அல்ல.

கணக்குப் போடாமலேயே தவறைக் கண்டுபிடிக்க இங்கே ஒரு வழி கிடைக்கிறது. பரிதியில் உள்ள புள்ளி சிறிய வில்லின் மேல் இருந்தால் அது அரைவட்டத்தை விடப் பெரிய வில்லைப் பார்க்கிறது. கோணம் 90°-ஐ விடப் பெரிதாகத்தான் இருக்கும். பெரிய வில்லின் மேல் இருந்தால் கோணம் 90°-ஐ விடச் சிறிதாக இருக்கும். நடுவே அரைவட்டம், அங்கே சரியாக 90°. ஆறாவது கணக்கில் B சிறிய வில்லின் மேல் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அங்கே இருப்பது விரிகோணம். 55, 70 ஆகிய இரண்டும் குறுங்கோணங்கள். பாகைமானியை எடுக்காமலேயே இரண்டும் தவறு என்று சொல்லிவிடலாம்.

வட்ட நாற்கரம்

இப்போது அந்தப் பெண்ணின் 70°-க்கு வருவோம். நம் படத்தில் A, B, C, D நான்கும் வட்டத்தின் மேல் இருக்கின்றன. நான்கு உச்சிகளும் ஒரே வட்டத்தின் மேல் உள்ள நாற்கரமே வட்ட நாற்கரம். B-இல் 125°, D-இல் 55°. கூட்டினால் 180°. இது தற்செயலா?

B பெரிய வில்லைப் பார்க்கிறது. D சிறிய வில்லைப் பார்க்கிறது. இரண்டு வில்களும் சேர்ந்தால் முழு வட்டம். B-இல் உள்ள கோணம் b என்றால் பெரிய வில்லுக்கு மையத்தில் 2b. D-இல் உள்ள கோணம் d என்றால் சிறிய வில்லுக்கு மையத்தில் 2d.

2b + 2d = 360°

ஆகவே b + d = 180°. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் மிகைநிரப்பிகள் என்ற தேற்றம் இவ்வளவுதான்.

நிரூபணத்தை இப்படிப் பார்த்துவிட்டால் OABC-இல் அது ஏன் செல்லாது என்பது தானே விளங்கும். b என்பது ஒரு மையக்கோணத்தின் பாதி, d என்பது இன்னொரு மையக்கோணத்தின் பாதி. O-வில் உள்ள 110° எதற்கும் பாதி அல்ல, அதுவே மையக்கோணம். OABC-இன் மூன்று உச்சிகள் வட்டத்தின் மேல் இருக்கின்றன, நான்காவது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாற்கரம் வட்டத்துக்குள்ளே இருப்பது வேறு. அதன் உச்சிகள் வட்டத்தின் மேல் இருப்பது வேறு. "வட்டத்துக்குள்ளே இருக்கிறது" என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் தவறு நுழைந்தது.

ஆனால் அவளுடைய வழியிலேயே சரியான விடைக்குப் போகலாம் என்று காட்டியபோது அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. கணக்கில் இல்லாத D என்ற புள்ளியை நாமே பெரிய வில்லின் மேல் குறித்துக்கொண்டால், D-இல் 55°. இப்போது ABCD உண்மையான வட்ட நாற்கரம். 180-இல் 55 போக 125°. முதல் பையனின் தேற்றத்தையும் அவளுடைய தேற்றத்தையும் சேர்த்தால் மூன்றாமவனின் விடை வந்துவிடுகிறது!

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இந்தத் தேற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. மையக்கோணத் தேற்றம் 20-ஆவது. ஒரே துண்டில் உள்ள கோணங்கள் 21-ஆவது. வட்ட நாற்கரம் 22-ஆவது. நாம் முதலில் எடுத்துக்கொண்ட அரைவட்டம் அங்கே 31-ஆவதாக வருகிறது. யூக்ளிட் 180°-க்குக் குறைந்தவற்றை மட்டுமே கோணம் என்று கொண்டார். ஆகவே நம்முடைய 250° அவருக்குக் கிடையாது. வட்ட நாற்கரத்துக்கு அவர் வேறு வழியில் போனார்.

அவர் AC, BD என்ற இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்தார். D-இல் உள்ள கோணம் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு பகுதி ∠ADB. அது AB என்ற வில்லைப் பார்க்கிறது. C-இலிருந்து அதே வில்லைப் பார்க்கும் ∠ACB அதற்குச் சமம். மற்றப் பகுதி ∠BDC. அது BC என்ற வில்லைப் பார்க்கிறது. A-இலிருந்து அதே வில்லைப் பார்க்கும் ∠BAC அதற்குச் சமம். ஆகவே D-இல் உள்ள முழுக் கோணம், முக்கோணம் ABC-இல் A-இலும் C-இலும் உள்ள இரண்டு கோணங்களின் கூடுதல். அதோடு மூன்றாவது கோணமான ∠ABC-ஐச் சேர்த்தால் 180°. பின்வளை கோணம் பிடிக்காதவர்கள் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

வட்டம் வரையாத நாற்கரம்

சில கணக்குகளில் வட்டமே இருக்காது. நாற்கரம் மட்டும் இருக்கும். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும், அவை ஒரே கோட்டில் இல்லையென்றால், அவற்றின் வழியாக ஒரு வட்டம் வரையலாம். நான்காவது புள்ளியும் அதன்மேல் விழும் என்பதற்கு உறுதி இல்லை. எதிர்க்கோணங்களைக் கூட்டிப் பார்த்து 180° வந்தால் விழும்.

ஏன்? A, B, C வழியாக வட்டம் வரைகிறோம். ∠ABC + ∠ADC = 180° என்று தெரியும். D வட்டத்துக்குள்ளே இருப்பதாக வைத்துக்கொள்வோம். AD-ஐ நீட்டி வட்டத்தை G-இல் வெட்டச் செய்வோம். ABCG வட்ட நாற்கரம். ஆகவே ∠AGC-உம் ∠ABC-உம் சேர்ந்து 180°. அப்படியானால் ∠AGC-உம் ∠ADC-உம் சமமாக இருக்கவேண்டும். ஆனால் ∠ADC முக்கோணம் DGC-இன் வெளிக்கோணம். அது ∠AGC-ஐ விடப் பெரியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. D வெளியே இருந்தாலும் இதே முரண்பாடு வரும். ஆகவே D வட்டத்தின் மேல்தான் இருக்கவேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், நான்கு பக்கங்களைக் கொண்டு நாற்கரத்தின் பரப்பைக் காணும் சூத்திரம் இருக்கிறது. பக்கங்கள் a, b, c, d. அவற்றின் கூடுதலில் பாதி s என்றால், பரப்பு இது:

√((s − a)(s − b)(s − c)(s − d))

பக்கம் ஒவ்வொன்றும் 5 செ.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். s = 10. நான்கு காரணிகளும் 5. வர்க்கமூலம் 25. இனி 6 செ.மீ., 8 செ.மீ. மூலைவிட்டங்கள் கொண்ட ஒரு சாய்சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கங்களும் 5 செ.மீ. தான். ஆனால் அதன் பரப்பு மூலைவிட்டங்களின் பெருக்கத்தில் பாதி, அதாவது 24 ச.செ.மீ. ஒரு சதுர சென்டிமீட்டர் எங்கே போயிற்று?

சூத்திரத்தில் பிழை இல்லை. அது வட்ட நாற்கரத்துக்கு மட்டுமே உரியது. அந்தச் சாய்சதுரத்தின் எதிர்க்கோணங்கள் ஏறக்குறைய 74°, 74°, கூட்டினால் 148°. மற்ற இரண்டும் ஏறக்குறைய 106°, 106°, கூட்டினால் 212°. எதுவும் 180° அல்ல. நான்கு பக்கமும் 5 செ.மீ. ஆகி, வட்டத்திலும் பொருந்தும் நாற்கரம் சதுரம் ஒன்றுதான். அதன் பரப்பு 25. பக்கங்கள் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தின் பரப்பு தீர்மானமாகாது என்பதை இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் லீலாவதியில் சுட்டிக்காட்டினார். திண்ணையில் OABC-க்கு நேர்ந்ததும் இதே தவறுதான். நாற்கரம் வட்டத்தின் மேல் இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பத்தாவது கணக்கு

தாளின் கடைசிக் கணக்கை மூவரும் சேர்ந்தே போட்டார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள். ABC ஒரு குறுங்கோண முக்கோணம். B-இலிருந்து AC-க்கு வரைந்த செங்குத்துக்கோடு அதை E-இல் சந்திக்கிறது. C-இலிருந்து AB-க்கு வரைந்த செங்குத்துக்கோடு அதை F-இல் சந்திக்கிறது. ∠AEF = ∠ABC என்று நிறுவுக.

படத்தில் வட்டம் எதுவும் இல்லை. ஆனால் E-இலிருந்து BC-ஐப் பார்த்தால் 90°. F-இலிருந்து பார்த்தாலும் 90°. அரைவட்டத்தைப் பற்றி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இப்போது உதவும். BC-ஐ விட்டமாகக் கொண்ட வட்டத்தின் மேல் E, F இரண்டும் இருக்கவேண்டும். அப்படியானால் B, C, E, F நான்கும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கின்றன. இதற்கு மேல் இரண்டே வரிகள். ∠ABC-உம் ∠CEF-உம் ஒரு வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள். ∠AEF-உம் ∠CEF-உம் AC என்ற நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து உள்ள கோணங்கள். அந்த இரண்டு வரிகளையும் எழுதி முடித்துவிடுங்கள். பிறகு உங்கள் படத்தில் அந்த வட்டத்தையும் கவராயத்தால் வரைந்து பாருங்கள். BC-இன் நடுப்புள்ளியில் முள்ளை ஊன்றி, பென்சிலை B-இல் வைத்துச் சுற்றினால் அது E, F இரண்டின் வழியாகவும் போகும்.